லோனோடு சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்கிறார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கடன் சாங்ஷன் ஆகிவிட்டது. இன்ஷூரன்ஸ் எடுத்தால்தான் பணத்தை விடுவிப்போம் என்கிறார் மேனேஜர். அப்படி ஒரு விதி இருக்கிறதா?

இல்லை. இருக்கும் விதி இதற்கு நேர்மாறானது. வங்கிகள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஏஜென்டாக இருந்து பாலிசி விற்கலாம் என்று அனுமதித்த ரிசர்வ் வங்கி, அதற்கு நிபந்தனைகளும் போட்டிருக்கிறது. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் பாலிசியைத்தான் வாங்க வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பாலிசி விற்பனையை வங்கியின் வேறு எந்தச் சேவையோடும் முடிச்சுப் போடக் கூடாது. பாலிசி வாங்குவது முழுக்க வாடிக்கையாளரின் விருப்பம், வேறு எந்த வசதி பெறுவதற்கும் அது நிபந்தனை இல்லை என்று விளம்பரத் தாள்களிலேயே தெளிவாக அச்சிட வேண்டும். அடுத்த முறை கிளைக்குப் போகும்போது மேசையில் கிடக்கும் இன்ஷூரன்ஸ் துண்டுப் பிரசுரத்தை எடுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். பொடி எழுத்தில் இந்த வாசகம் இருக்கும். மேனேஜர் வாயால் சொல்வதை அவருடைய வங்கி அச்சிட்ட தாளே மறுக்கும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ம் இதைத் தொடுகிறது. ஒரு சேவையைப் பெற இன்னொரு சேவையை வாங்கியே தீர வேண்டும் என்று நிபந்தனை போடுவதை, கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்று அது வகைப்படுத்துகிறது. அதை எதிர்த்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியும்.

அப்படியானால் எந்த இன்ஷூரன்ஸுமே எடுக்க வேண்டாமா?

இங்கே ஒரு கோடு கிழித்துப் பார்க்க வேண்டும். அடமானம் வைக்கும் பொருளுக்கான காப்பீடு வேறு, உங்கள் உயிருக்கான காப்பீடு வேறு.

கார் லோன் என்றால், மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்டவே முடியாது. அது மோட்டார் வாகனச் சட்டம். வண்டிக்குச் சேதம் வந்தால் ஈடுகட்டும் முழுக் காப்பீட்டையும் கடன் கொடுப்பவர் ஒப்பந்தத்தில் கேட்கலாம். வீட்டுக் கடனிலும் கட்டடத்துக்குத் தீ, வெள்ளம் போன்றவற்றுக்கான காப்பீடு வேண்டும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். கடனுக்கு ஈடாக நிற்பது அந்தக் கட்டடம்தானே, அதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதிலும் எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது உங்கள் தேர்வு. வெளியில் வாங்கி, வங்கியின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

மேனேஜர் பெரும்பாலும் தள்ளிவிடப் பார்ப்பது இதை இல்லை. கட்டடக் காப்பீட்டுக்குப் பிரீமியம் குறைவு. கடன் வாங்கியவர் இறந்துபோனால் பாக்கியை அடைக்கும் ஆயுள் காப்பீடு, அதுவும் மொத்தப் பிரீமியத்தையும் ஒரே தவணையில் வாங்கும் ரகம்தான் உங்கள் முன்னால் வரும். "வீட்டு இன்ஷூரன்ஸ் கம்பல்சரி சார்" என்று பேச்சு தொடங்கும், நீட்டும் படிவம் ஆயுள் காப்பீடாக இருக்கும். படிவத்தில் உங்கள் உயரம், எடை, நோய் விவரம், நாமினி பெயர் கேட்டிருந்தால் அது கட்டடத்துக்கான பாலிசி இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

"பிரீமியத்தை நீங்க கையிலிருந்து கட்ட வேண்டாம், லோன்லயே சேர்த்துடறோம்" என்கிறார்கள். எனக்கு என்ன நஷ்டம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 லட்சம் கடன், 20 வருடம், வட்டி 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். ஒரே தவணைப் பிரீமியம் 1,20,000 ரூபாய் என்று சொல்லி, அதைக் கடனோடு சேர்க்கிறார்கள். இப்போது கடன் 31,20,000 ரூபாய். தவணை சுமார் 27,076 ரூபாய்.

மாதம் 1,041 ரூபாய்தான் கூடுகிறது, அதனால் பெரிதாகத் தெரியாது. கிளையில் சொல்வதும் இந்த ஒரு எண்ணை மட்டும்தான். அந்த 1,041 ரூபாயை 240 மாதம் கட்டினால் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் பாலிசிக்கு, அதற்கு மேல் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் வட்டியும் கொடுக்கிறீர்கள்.

பாலிசி எத்தனை வருடத்துக்கு என்பதை இதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டும். கடன் 20 வருடம், பாலிசி 10 வருடம் அல்லது 5 வருடம் மட்டும் என்று இருக்கும் சான்றிதழ்கள் உண்டு. பிரீமியத் தொகை பயமுறுத்தாமல் இருக்க, காலத்தைக் குறைத்துவிடுவார்கள். மேலே சொன்ன கணக்கில் பத்தாவது வருட முடிவில் கடன் பாக்கி எவ்வளவு இருக்கும் தெரியுமா? சுமார் 21 லட்சத்து 84 ஆயிரம். தவணையின் பெரும்பகுதி முதல் வருடங்களில் வட்டிக்கே போய்விடுவதால், பாதிக் காலம் முடிந்தும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அசல் அப்படியே நிற்கும். பாலிசி முடிந்துவிட்டது, பிரீமியத்துக்கான தவணை மட்டும் இன்னும் பத்து வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. "லோன் முழுசுக்கும் கவர் சார்" என்ற வார்த்தையை நம்பிய குடும்பம் பதினோராவது வருடத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

இன்னொன்று, இந்த வகைப் பாலிசிகள் பலவற்றில் காப்பீட்டுத் தொகை வருடா வருடம் இறங்கிக்கொண்டே வரும், கடன் பாக்கி குறையும் வேகத்தை ஒட்டி. அது தவறு இல்லை, அதற்காக வடிவமைத்ததுதான். ஆனால் அந்த இறங்கு அட்டவணையைப் பாலிசி எடுத்த நாளில் உள்ள வட்டி விகிதத்தை வைத்துப் போட்டிருப்பார்கள். உங்கள் கடன் மாறும் வட்டியில் இருந்து, பிறகு வட்டி ஏறினால், பாக்கி மெதுவாகத்தான் குறையும். அட்டவணை தன் போக்கில் வேகமாக இறங்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும்.

இன்ஷூரன்ஸ் எடுத்தால் வட்டியில் 0.05 சதவீதம் குறைப்பதாகச் சொல்கிறார்கள். அது லாபம்தானே?

அதே 30 லட்சத்துக்குப் பாருங்கள். 0.05 சதவீதம் குறைந்தால் மாதத்துக்குச் சுமார் 95 ரூபாய் மிச்சம். இருபது வருடத்துக்கு 22,700 ரூபாய் சொச்சம். அதற்காக இரண்டரை லட்சம் செலவழிக்கச் சொல்கிறார்கள். அந்தப் பாலிசி உங்களுக்கு எப்படியும் தேவை என்று நீங்களே முடிவு செய்திருந்தால் சலுகையை வாங்கிக்கொள்ளுங்கள். சலுகைக்காகப் பாலிசி எடுப்பது கணக்குக்கு ஒத்துவராது.

ஆனால் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் கடன் சுமை மனைவி, பிள்ளைகள் தலையில் விழுமே? இன்ஷூரன்ஸே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

சரியான கவலை. காப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டில் 20 வருடக் கடன் இருந்தால் ஆயுள் காப்பீடு அவசியம் இருக்க வேண்டும். அதை எங்கே, எந்த வடிவில் வாங்குவது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

பாலிசி காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி ஒன்றைத் தனியாக எடுத்தால் காப்பீட்டுத் தொகை கடைசி வரை குறையாது. பணம் நாமினி கைக்கு வரும், கடனை அடைப்பதா, வேறு அவசரத்துக்கு வைத்துக்கொள்வதா என்று குடும்பம் முடிவு செய்யும். வருடா வருடம் பிரீமியம் கட்டுவதால், பாதியில் வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்தலாம். கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் பாலிசி உங்களோடு இருக்கும். ஏற்கெனவே போதுமான டேர்ம் பாலிசி வைத்திருப்பவருக்கு வங்கி சொல்வது தேவையே இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. வயது கூடியவர்கள், உடல்நிலைக் காரணமாகத் தனிப் பாலிசி கிடைக்காதவர்கள் சிலருக்கு வங்கி வழியாக வரும் குழுப் பாலிசி எளிதாகக் கிடைக்கலாம். அவர்கள் நிபந்தனைகளைப் படித்துவிட்டு எடுப்பதில் தப்பில்லை.

எந்த வழியில் எடுத்தாலும் உடல்நலக் கேள்விகளை நீங்களே நிரப்புங்கள். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கிளையில் நடப்பது என்னவென்றால், ஐம்பது கையெழுத்துக்கு நடுவில் இந்தப் படிவமும் வரும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் என்று வரிசையாக இருக்கும் கட்டங்களில் ஊழியரே "இல்லை, இல்லை, இல்லை" என்று டிக் அடித்துக்கொண்டு போவார். உங்களுக்குச் சர்க்கரைக்கு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு வருடம் கழித்து ஏதாவது ஆனால், காப்பீட்டு நிறுவனம் பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேடி எடுத்து, உண்மையை மறைத்தார் என்று பணம் தர மறுக்கும். காப்பீட்டுச் சட்டம் 1938-ன் 45-வது பிரிவின்படி ஆயுள் பாலிசி தொடங்கி 3 வருடம் ஆன பிறகு அதைக் கேள்வி கேட்க முடியாது. அந்த 3 வருடத்துக்குள் முடியும். டிக் அடித்த ஊழியர் அப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார். கையெழுத்து உங்களுடையது.

முகத்துக்கு நேரே மறுத்தால் லோனை இழுத்தடிப்பார்கள் என்று பயமாக இருக்கிறது. எப்படி மறுப்பது?

வாய்ச் சண்டை வேண்டாம். எழுத்தில் மறுங்கள். அதற்கு உங்களுக்குக் கைகொடுப்பது கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் என்ற தாள். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு அனுமதிக்கப்படும் தவணைக் கடன்களுக்கெல்லாம் கையெழுத்துக்கு முன்பே இதைக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், படித்து விளக்கிச் சொல்லவும் வேண்டும். தமிழில் கேட்டு வாங்குங்கள், அது சலுகை இல்லை. குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. அதற்குள் நீங்கள் ஒப்புக்கொண்டால் அதில் உள்ள நிபந்தனைகளை வங்கி மாற்ற முடியாது.

அந்தத் தாளில் கட்டணங்களுக்கான அட்டவணையைப் பாருங்கள். வங்கிக்குப் போவது ஒரு பக்கம், வங்கி வழியாக மற்றவர்களுக்குப் போவது இன்னொரு பக்கம் இருக்கும். இன்ஷூரன்ஸ் கட்டணத்துக்குத் தனி வரி உண்டு. அங்கே ஒரு தொகை எழுதியிருந்தால், அதைக் கேட்காமலே சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கையெழுத்துப் போடாமல் நீக்கித் தரச் சொல்லுங்கள். அந்த வரி காலியாக இருந்தால் இன்னும் நல்லது. தாளில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. கடனின் உண்மையான வருட விகிதம் என்று ஒரு எண்ணும் இருக்கும். இன்ஷூரன்ஸ் சேர்ந்தால் அந்த விகிதம் ஏறும், வட்டி அதே 8.5 என்று அவர்கள் சொன்னாலும்.

அப்புறம் கிளை மேலாளருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்:

> ஐயா, எனது வீட்டுக் கடன் விண்ணப்பம் தொடர்பாக ஆயுள் காப்பீட்டுப் பாலிசி எடுக்கும்படி கிளையில் கூறப்பட்டது. எனக்கு அதில் விருப்பம் இல்லை. கட்டடத்துக்கான காப்பீட்டை நானே எடுத்து ஆவணத்தைத் தருகிறேன். கடன் வழங்க ஆயுள் காப்பீடு கட்டாயம் என்றால், எந்த விதியின் கீழ் என்று எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும். காப்பீட்டுத் தொகை இல்லாமல் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்டையும் சாங்ஷன் கடிதத்தையும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கடைசிக்கு முந்தின வரிதான் வேலை செய்யும். கட்டாயம் என்று எழுதித் தர எந்த மேலாளரும் முன்வர மாட்டார், எழுதினால் அது அவருக்கு எதிரான ஆதாரம் ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும். பெரும்பாலும் போனில் கூப்பிட்டு, "சார், சும்மா சஜஸ்ட் பண்ணோம், அவ்வளவுதான்" என்று முடித்துக்கொள்வார்கள்.

முடிந்தால் இதைப் பத்திரப் பதிவு நாள் குறிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். வீடு விற்பவருக்கு முன்பணம் கொடுத்து, பதிவுக்கு டோக்கன் போட்ட பிறகு, நாளை காலை டிடி வேண்டும் என்ற நிலையில் இருக்கும்போதுதான் இன்ஷூரன்ஸ் படிவம் மேசைக்கு வரும். நேரமில்லாமல் நீங்கள் தவிப்பதுதான் அவர்களுக்கு வசதி. அப்படி மாட்டிக்கொண்டால், கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிவிட்டு, அடுத்த கேள்விக்கான பதிலில் உள்ள வழியில் போங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஓ.டி.பி-யும் சொல்லிவிட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். ஆயுள் காப்பீட்டுப் பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம். ஃப்ரீ லுக் பீரியட் என்பார்கள். முன்பு பொதுவாக 15 நாளாக இருந்தது, 2024-ல் காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ கொண்டுவந்த விதிமுறைகளில் 30 நாளானது. பாலிசி இருந்த சில நாளுக்கான காப்பீட்டுச் செலவு, மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு, முத்திரைத் தீர்வை இவற்றை மட்டும் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். 1,20,000 ரூபாயில் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும்.

இங்கே வழக்கமாக ஒரு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். ரத்து செய்யச் சொல்லிக் கிளையில் போய்ச் சொல்வார்கள். "விடுங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்பார் ஊழியர். ஒரு வாரம் கழித்து "ஹெட் ஆபீஸுக்கு அனுப்பியாச்சு". மறுபடி போனால் "சிஸ்டத்துல காட்டல, திங்கட்கிழமை வாங்க". முப்பத்தோராவது நாள் "டைம் முடிஞ்சிடுச்சே" என்பார். ஆகவே கிளையை நம்பிக் காத்திருக்காமல் காப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாக எழுதுங்கள். வங்கி இதில் ஏஜென்ட் மட்டும்தான், பாலிசி போட்டது நிறுவனம். பாலிசித் தாளிலேயே அதன் மின்னஞ்சல் முகவரி இருக்கும். பாலிசி எண், கைக்கு வந்த தேதி, ஃப்ரீ லுக் காலத்துக்குள் ரத்து கோருகிறேன் என்ற வாசகம், வங்கிக் கணக்கு விவரம், இவ்வளவு போதும். அனுப்பிய தேதி தெரியும் மின்னஞ்சலும், பதிலாக வரும் புகார் எண்ணும் உங்கள் ஆதாரம்.

பாலிசி காகிதமாக வராமல் மின்னஞ்சலில் மட்டும் வந்திருக்கலாம். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். வங்கி எடுத்திருக்கும் குழுப் பாலிசியில் உங்களை உறுப்பினராகச் சேர்த்திருந்தால், உங்களுக்கு வருவது பாலிசி இல்லை, ஒரு காப்பீட்டுச் சான்றிதழ். ரத்து செய்வதற்கான காலக்கெடு அதிலும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பணம் எங்கே திரும்புகிறது என்பதையும் கவனியுங்கள். பிரீமியத்தைக் கடனில் சேர்த்திருந்தால், திரும்பும் தொகை கடன் கணக்கில் வரவாகிப் பாக்கி குறைய வேண்டும். சில கிளைகளில் அது சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும், கடன் மட்டும் 31,20,000 ரூபாயாகவே ஓடும். அப்படி வந்தால் அன்றே அந்தத் தொகையைக் கடனில் கட்டி, தவணையைத் திருத்தச் சொல்லுங்கள். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனில் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு போன் வரும், எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். சொல்லலாமா?

சொல்லாதீர்கள். அந்த அழைப்பு பதிவாகிறது. பாலிசி உங்கள் விருப்பத்தில் எடுத்ததா, கடனுக்கு நிபந்தனையாகச் சொன்னார்களா, எத்தனை வருடம் பிரீமியம் கட்ட வேண்டும் என்று தெரியுமா என்பது மாதிரிக் கேள்விகள் வரும். நாளைக்கு நீங்கள் புகார் கொடுத்தால், நிறுவனம் முதலில் எடுத்து வைப்பது இந்தப் பதிவைத்தான். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "லோனுக்குக் கட்டாயம்னு சொன்னாங்க, எனக்கு விருப்பம் இல்லை" என்று அந்தப் போனிலேயே சொல்லிவிட்டால், அதே பதிவு உங்களுக்குச் சாட்சியாகிவிடும்.

30 நாள் தாண்டிவிட்டது. இப்போது?

பாதை கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் அடைபடவில்லை. பாலிசியைப் பாதியில் ஒப்படைத்து முடித்துக்கொண்டால், அதாவது சரண்டர் செய்தால், எவ்வளவு கிடைக்கும் என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். கட்டியதைவிடக் குறைவாகத்தான் வரும். இரண்டாவது வழி, தவறாகச் சொல்லி விற்றார்கள் என்ற புகார். அதற்கு ஆதாரம் வேண்டும். ஊழியர் அனுப்பிய வாட்ஸப் செய்தி, சாங்ஷன் தேதியும் பாலிசித் தேதியும் ஒன்றாக இருப்பது, இன்ஷூரன்ஸ் வரி காலியாக உள்ள கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட், படிவத்தில் உங்கள் வருமானத்தையோ வயதையோ தப்பாக எழுதியிருப்பது, இதெல்லாம் பயன்படும். நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கையெழுத்து உங்களுடையதாகவும் மற்ற எழுத்தெல்லாம் வேறொருவருடையதாகவும் இருப்பது அதில் தெரியவரும்.

கடனை முன்கூட்டியே அடைத்தாலும், வேறு வங்கிக்கு மாற்றினாலும் பழைய பாலிசியை மறந்துவிடாதீர்கள். மீதிக் காலத்துக்குப் பாலிசியைத் தொடரலாமா, சரண்டர் செய்தால் என்ன வரும் என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அப்பா எஃப்.டி. புதுப்பிக்கப் போனார். அதைவிட நல்ல டெபாசிட் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்களாம். இப்போது அடுத்த வருடப் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வருகிறது.

அது டெபாசிட் இல்லை, வருடா வருடம் பிரீமியம் கட்ட வேண்டிய ஆயுள் பாலிசி. ஓய்வு பெற்றவரின் சேமிப்பை இப்படித் திருப்பிவிடுவது கடனோடு திணிப்பதைவிட மோசம் என்பது என் எண்ணம். கடன் வாங்குபவருக்கு மாதச் சம்பளமாவது வருகிறது. எழுபது வயதில் ஐந்து வருடம், பத்து வருடம் லட்ச ரூபாய் கட்டு என்றால் அவர் எங்கே போவார்? ரிசர்வ் வங்கி 2014-ல் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தில் பொருத்தம் என்பதே ஓர் உரிமை. வாடிக்கையாளரின் தேவை, நிலைமை, புரிதல் இவற்றுக்கு ஏற்றதைத்தான் விற்க வேண்டும். புகார் எழுதும்போது அப்பாவின் வயதையும் ஓய்வூதியத்தையும் வருடப் பிரீமியத்தையும் அடுத்தடுத்து வைத்து இந்தச் சாசனத்தைச் சுட்டிக்காட்டுங்கள்.

கையில் இருக்கும் தாளைப் பார்த்தே வித்தியாசம் தெரிந்துகொள்ளலாம். எஃப்.டி. ரசீதில் முதிர்வுத் தேதி, வட்டி, முதிர்வுத் தொகை இருக்கும், வங்கியின் பெயர் இருக்கும். பிரீமியம், பாலிசி காலம், காப்பீட்டுத் தொகை என்ற வார்த்தைகள் கண்ணில் பட்டால் அது பாலிசி. மேலே காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கும், பல சமயம் அது வங்கியின் பெயரையும் சின்னத்தையும் ஒட்டியே இருப்பதால் பெரியவர்கள் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். டெபாசிட் காப்பீட்டில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்ச ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு, அதற்கு நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. வங்கியில் வாங்கிய பாலிசிக்கோ மியூச்சுவல் ஃபண்டுக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லை.

இரண்டாவது பிரீமியத்தைக் கட்டுவதா என்பதை அவசரத்தில் முடிவு செய்ய வேண்டாம். கட்டினால், தெரிந்தேதான் தொடர்ந்தார் என்று நாளை சொல்வார்கள். கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க அனுமதி கொடுத்திருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள், கையோடு புகாரும் எழுதுங்கள்.

லாக்கர் கேட்டால் பாலிசி போடச் சொல்கிறார்களே?

அதுவும் கூடாது. லாக்கரில் உள்ள பொருளுக்கு இன்ஷூரன்ஸ் விற்பதை ரிசர்வ் வங்கி 2021-ல் வெளிப்படையாகவே தடை செய்துவிட்டது. மூன்று வருட வாடகையையும் லாக்கரை உடைத்துத் திறக்கும் செலவையும் ஈடுகட்டும் அளவுக்கு ஒரு டெபாசிட் கேட்கலாம், அதற்கு மேல் இல்லை.

சேமிப்புக் கணக்கில் 436 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். நான் எதற்கும் கையெழுத்துப் போடவில்லை.

அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 20 ரூபாய் என்றால் விபத்துக் காப்பீடு. இரண்டுமே மலிவான, பயனுள்ள திட்டங்கள்தான், ஆனாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் சேர்க்கக் கூடாது. சம்மதப் படிவத்தின் நகலைக் கேளுங்கள், காட்ட முடியாவிட்டால் பணத்தைத் திருப்பச் சொல்லுங்கள். வேண்டும் என்றால் வைத்துக்கொண்டு நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வங்கி ஊழியர்கள் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்?

விற்ற பாலிசிக்கு வங்கிக்குக் கமிஷன் வருகிறது. கிளைக்கு மாத இலக்கு இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் இளம் ஊழியர் காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் என்று கணக்குச் சொல்ல வேண்டியவர். காப்பீட்டு நிறுவனம் வங்கி ஊழியருக்கு நேரடியாகப் பணமாகவோ பொருளாகவோ ஊக்கத்தொகை தரக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் இலக்கின் அழுத்தத்தை அந்த விதி தொடவில்லை. தேவையில்லாத காப்பீட்டைத் திணிப்பது மக்களின் கடன் செலவை மறைமுகமாக ஏற்றிவிடுகிறது என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே 2024 நவம்பரில் பேசினார். ஊழியர் மேல் கோபப்பட வேண்டாம், அதற்காக அவருடைய இலக்கை நீங்கள் சுமக்கவும் வேண்டாம். பாலிசி விற்பவர் அதற்கான பயிற்சியும் சான்றிதழும் பெற்றவராக இருக்க வேண்டும். அவர் பெயரையும் சான்றிதழ் எண்ணையும் மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாலே பேச்சின் தோரணை மாறும்.

எங்கே புகார் கொடுப்பது? அலைய வைப்பார்களா?

குறை எது என்பதைப் பொறுத்து இரண்டு வாசல்.

கடனுக்கோ டெபாசிட்டுக்கோ நிபந்தனையாக வைத்தார்கள், சம்மதம் இல்லாமல் பணம் பிடித்தார்கள் என்றால் அது வங்கியின் தவறு. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. உதவிக்கு 14448. வங்கிக்கு முதலில் எழுதாமல் நேராக இங்கே வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பாலிசியைப் பற்றிப் பொய் சொல்லி விற்றார்கள், ஃப்ரீ லுக் பணத்தைத் தரவில்லை என்றால் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் bimabharosa.irdai.gov.in தளத்திலும் பதிவு செய்யலாம், 155255 என்ற எண்ணில் கூப்பிடலாம். அதிலும் தீராவிட்டால் காப்பீட்டு ஓம்புட்ஸ்மன். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. வக்கீல் தேவையில்லை. நிறுவனம் மறுத்துப் பதில் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

நுகர்வோர் ஆணையமும் உண்டு. ஆனால் அங்கே வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்தை ஓம்புட்ஸ்மன் எடுக்க மாட்டார். அதனால் முதலில் ஓம்புட்ஸ்மன், பிறகு தேவைப்பட்டால் ஆணையம் என்று வரிசை வைத்துக்கொள்வது நல்லது.

புகாரை நீளமாக எழுத வேண்டாம். எந்தத் தேதியில் எந்தக் கிளையில் யார் என்ன சொன்னார், எவ்வளவு பிடித்தார்கள், நீங்கள் எப்போது எழுத்தில் மறுத்தீர்கள், என்ன வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் அடக்குங்கள். என்ன வேண்டும் என்ற வரியில் "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதி விட்டுவிடுகிறார்கள், அப்போது ஊழியருக்கு ஓர் எச்சரிக்கையோடு கோப்பை மூடிவிடுவார்கள். "பிரீமியம் 1,20,000 ரூபாயையும், அதன் மேல் இன்று வரை பிடித்த வட்டியையும் கடன் கணக்கில் வரவு வைத்து, தவணையை 26,035 ரூபாய்க்குத் திருத்தித் தர வேண்டும்" என்று தொகையோடு கேளுங்கள்.